ஆறு சுவிட்சுகள் ஓட்டும் கார்

மின்வெட்டுக் காலத்தில் நம் வீடுகளுக்குள் வந்த சொல் 'இன்வெர்ட்டர்'. 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 230 வோல்ட் மின்சாரம் எடுத்து ஃபேனையும் லைட்டையும் ஓட வைத்த பெட்டி. மலிவான பழைய பெட்டிகளில் ஃபேன் 'உர்ர்' என்று உறுமும். விலை கூடிய 'சைன் வேவ்' பெட்டி வாங்கினால் அந்த உறுமல் போய்விடும். மின்சாரக் காரின் அடியிலும் ஓர் இன்வெர்ட்டர் இருக்கிறது. ஆனால் அது செய்யும் வேலை வீட்டுப் பெட்டியின் வேலையைவிடக் கடினமானது.

வீட்டுக்கு வேண்டியது ஒரே மாதிரியான மின்சாரம்: நொடிக்கு 50 சுழற்சி இருந்தால் போதும். காருக்கு அது போதாது. வயல் கிணற்றில் ஓடும் மோட்டாரை நினைத்துப் பாருங்கள். மும்முனை மின்சாரம் வந்தால் ஓடுகிறது. மூன்று கம்பிகளிலும் மின்னழுத்தம் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி இறங்க, மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் மூன்று தொகுதிச் சுருள்களில் காந்தப்புலம் உருவாகி வட்டமாகச் சுழல்கிறது. நடுவில் இருக்கும் உருளை அந்தக் காந்தத்தைத் துரத்திக்கொண்டு சுற்றுகிறது. மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி என்பதால், பம்ப்செட்டுக்குக் காலையிலும் மாலையிலும் ஏறக்குறைய ஒரே வேகம்தான். கார் அப்படி ஓட முடியாது. சிக்னலில் பூஜ்யத்தில் தொடங்கி, நெடுஞ்சாலையில் நூறு வரை போகவேண்டும். அதற்கேற்ப மும்முனை மின்சாரத்தின் வேகமும் கணத்துக்குக் கணம் மாறவேண்டும்.

எவ்வளவு மாறவேண்டும்? 2010 இறுதியில் விற்பனைக்கு வந்த நிஸான் லீஃப் காரை எடுத்துக்கொள்வோம். அதன் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2 மீட்டர் போகும். 60 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்கு எட்டுச் சுற்றுக்குச் சற்று மேல் உருளுகிறது. சக்கரம் ஒரு சுற்று சுற்ற, மோட்டார் ஏறக்குறைய எட்டுச் சுற்று சுற்றுகிறது. மோட்டாரின் உருளையில் நான்கு ஜோடி காந்த முனைகள் இருப்பதால், அது ஒரு சுற்று சுற்ற மின்சாரம் நான்கு முறை ஏறி இறங்கவேண்டும். பெருக்கிப் பார்த்தால் நொடிக்குச் சுமார் 267 சுழற்சி. பத்துக் கிலோமீட்டர் வேகத்தில் நெரிசலில் ஊரும்போது இது 45-க்கும் கீழே.

இவ்வளவையும் செய்பவை வெறும் ஆறு சுவிட்சுகள். லீஃப் காரின் பேட்டரி 360 வோல்ட். பிளஸ், மைனஸ் இரண்டுக்கும் நடுவே, மேலே ஒன்று கீழே ஒன்றாக இரண்டு சுவிட்சுகள். அவை சந்திக்கும் இடத்திலிருந்து மோட்டாருக்கு ஒரு கம்பி. இப்படி மூன்று ஜோடி, மூன்று கம்பி. கையால் தட்டும் சுவிட்ச் அல்ல இது. 'ஐஜிபிடி' என்ற, சிலிக்கானால் ஆன மின்னணுச் சுவிட்ச். மேல் சுவிட்ச் மூடினால் கம்பியில் 360 வோல்ட். கீழ்ச் சுவிட்ச் மூடினால் பூஜ்யம். மூன்றாவது நிலை கிடையாது.

அப்படியானால் அலைபோல ஏறி இறங்கும் மின்சாரம் எங்கிருந்து வருகிறது? நேரத்திலிருந்து. ஓடும் ஃபேனின் சுவிட்சை மூன்று நொடி போட்டு, ஒரு நொடி அணைத்து, மீண்டும் போட்டு அணைத்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? ஃபேன் ஒவ்வொரு தட்டலுக்கும் நின்று ஓடாது. இறக்கையின் கனம் விடாது. முழு வேகத்துக்குக் கொஞ்சம் குறைவாக, ஒரு சீராக ஓடும். இன்வெர்ட்டர் இதே வித்தையைப் பெருவேகத்தில் செய்கிறது. கணக்குக்கு நொடிக்கு 10,000 முறை என்று வைத்துக்கொள்வோம். ஒரு முறைக்கு 100 மைக்ரோநொடி. அதில் 75 மைக்ரோநொடி மேல் சுவிட்சும், 25 மைக்ரோநொடி கீழ்ச் சுவிட்சும் மூடியிருந்தால், கம்பியின் சராசரி 270 வோல்ட். பாதிக்குப் பாதி என்றால் 180. கால் பங்கு மட்டும் என்றால் 90. அடுத்தடுத்த தட்டல்களில் இந்தப் பங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் குறைத்தால் சராசரி அலையாக எழுந்து விழுகிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓர் அலைக்கு 37 தட்டல் கிடைக்கும்.

ஃபேனுக்கு இறக்கையின் கனம் செய்ததை மோட்டாருக்குச் சுருள் செய்கிறது. செம்புச் சுருளில் ஓடும் மின்னோட்டம் சட்டென்று கூடாது, சட்டென்று குறையவும் செய்யாது. வெட்டி வெட்டி வரும் 360 வோல்ட்டை அது விழுங்கி, வழவழப்பான மின்னோட்டமாக ஆக்கிக்கொள்கிறது. ஆகவே இன்வெர்ட்டர் அலையைச் செய்வதில்லை. எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பதை மட்டும் கணக்கிடுகிறது. மீதியைச் செய்வது மோட்டாரேதான். கார் மெல்லக் கிளம்பும்போது காதில் விழும் மெல்லிய 'கீ' ஒலியில் இந்தத் தட்டல்களுக்கும் பங்கு உண்டு.

கணக்குப் போட, காந்தம் இந்தக் கணத்தில் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று தெரியவேண்டும். மோட்டார்த் தண்டில் இருக்கும் ஓர் உணரி அதை இடைவிடாமல் சொல்லிக்கொண்டிருக்கும். ஓட்டுநர் பெடலை அழுத்துவது 'இவ்வளவு இழுவை வேண்டும்' என்ற கோரிக்கை மட்டுமே. அதற்கேற்ற அளவு மின்னோட்டத்தை, காந்தத்துக்குச் சற்று முன்னால் நிறுத்தி இழுப்பது இன்வெர்ட்டரின் பொறுப்பு. அந்தக் கோணம் தவறாகக் கிடைத்தால் கார் திக்கித் திணறும், அல்லது பாதுகாப்புக்காக நின்றுவிடும்.

இந்த ஏற்பாட்டில் இரண்டு கண்டங்கள். ஒரு ஜோடியின் மேல், கீழ்ச் சுவிட்சுகள் ஒரே கணத்தில் மூடிவிட்டால், பேட்டரியின் பிளஸ்ஸும் மைனஸும் நேராக மோதும். சுவிட்ச் கருகிப்போகும். அதனால் ஒன்று திறந்தபின், ஓரிரு மைக்ரோநொடி காத்திருந்தே மற்றது மூடும்.

இரண்டாவது, சூடு. சுவிட்ச் திறந்து மூடும் அந்தச் சிறு இடைவேளையில், அரைக் கதவுபோல நின்று, மின்சாரத்தைச் சூடாக மாற்றிவிடுகிறது. அதிக முறை தட்டினால் அலை அழகாகும், சூடும் கூடும். லீஃப் மோட்டாரின் முழுத்திறன் 80 கிலோவாட். அதில் நூற்றுக்கு மூன்று பங்கு வீணானாலும் 2.4 கிலோவாட், ஒரு குளியலறை கெய்சரின் சூடு. அதனால்தான் இன்வெர்ட்டருக்குள் குளிர்விக்கும் நீர் ஓடுகிறது. சூடு எல்லை மீறினால் கார் தன் திறனைத் தானே குறைத்துக்கொள்ளும். திறன் குறையும்போது லீஃபின் முகப்பில் ஆமைப் படம் எரியும். 2017-இல் வந்த டெஸ்லா மாடல் 3, சிலிக்கானுக்குப் பதில் சிலிக்கான் கார்பைடு சுவிட்சுகளைப் பயன்படுத்தியது. அவை இன்னும் விரைவாகத் திறந்து மூடுவதால் அந்த அரைக்கதவு நேரம் குறைகிறது.

பழுது பார்ப்பவர்களுக்கு ஒரு சொல். பேட்டரிக்கும் சுவிட்சுகளுக்கும் நடுவே, மின்சாரத்தின் குலுக்கலைத் தாங்க ஒரு பெரிய மின்தேக்கி உண்டு. சாவியை அணைத்து பேட்டரியைத் துண்டித்த பிறகும் அதில் சில நிமிடங்களுக்கு ஆளைக் கொல்லும் மின்னழுத்தம் தங்கியிருக்கலாம். காருக்கடியில் ஆரஞ்சு நிற வயர் தென்பட்டால், பயிற்சி இல்லாத கை அதைத் தொடக் கூடாது.