நீர்வளப் பாடத்திற்கு மூன்று நிகழ்வாய்வுகள்: கொங்கு நாட்டு எடுத்துக்காட்டு

பாடத்திட்டத்தின் ஒரு பரந்த கருப்பொருளை, ஓர் இடத்தில் உண்மையில் நடந்த ஒன்றைக் கொண்டு விளக்குவது நிகழ்வாய்வு ஆகும். வகுப்புகளில் இதைக் 'கேஸ் ஸ்டடி' என்றே பெரும்பாலும் சொல்வர். குடிமைப் பணி முதன்மைத் தேர்வின் பொது அறிவுத் தாளில் மூன்று மணி நேரத்தில் இருபது வினாக்களுக்கு விடை எழுத வேண்டும். ஒரு விடைக்கு ஒன்பது நிமிடம், 150 அல்லது 250 சொற்கள். அதற்குள் ஒரு நிகழ்வாய்வுக்குக் கிடைக்கும் இடம் நாற்பது முதல் அறுபது சொற்கள்தான். எனவே திருப்புதலுக்குச் சில நாட்களே இருக்கும்போது பன்னிரண்டு நிகழ்வுகளை மேலோட்டமாகப் படித்து வைப்பதைவிட, இரண்டு மூன்றைப் பல வினாக்களுக்கும் திருப்பிப் பயன்படுத்தும் அளவுக்குத் தெரிந்துகொள்வது பலன் தரும். எந்த மூன்று என்பதுதான் கேள்வி.

"நீர்வளமும் வளர்ச்சியும்" என்ற கருப்பொருளை எடுத்துக்கொண்டால், கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு மாவட்டங்களிலிருந்தே அதற்குத் தேவையானவற்றைத் தேர்ந்தெடுக்கலாம். மழை குறைவான இப்பகுதி, மேற்குத் தொடர்ச்சி மலையின் நீரை நம்பி வேளாண்மையும் தொழிலும் வளர்த்தது. அதனால் தண்ணீர் பற்றிய சிக்கல்களில் பெரும்பாலானவை இங்கே ஏதேனும் ஒரு வடிவில் வந்திருக்கின்றன.

தேர்வு முறை

பலர் முதலில் செய்வது, தெரிந்த பெயர்களை எல்லாம் எழுதி, அவற்றில் புகழ்பெற்றதை எடுப்பது. அப்படிச் செய்தால் சிறுவாணி முதலிடம் பிடிக்கும். கோவைக்காரர்களிடம் வேறு பெயரை எதிர்பார்க்கவும் முடியாது. ஆனால் சிறுவாணியைக் கொண்டு நகரக் குடிநீர் பற்றி மட்டுமே எளிதாக எழுத முடியும். அதன் அணை கேரளத்தில் இருப்பதால் மாநில உறவு பற்றியும் எழுதலாம் என்றாலும், அதற்கு வேறொன்று இன்னும் நன்றாகப் பொருந்துகிறது.

பெயர்களுக்கு முன் கருப்பொருளை உடைக்க வேண்டும். நீர்வளம் குறித்த வினாக்களை அடுக்கிப் பார்த்தால், பெரும்பாலானவை மூன்று கேள்விகளில் அடங்கும். தண்ணீரைக் கெடுப்பவர் யார், அதன் விலையைக் கொடுப்பவர் யார் என்பது ஒன்று. ஒரே நீரில் இரு தரப்புக்கு உரிமை இருந்தால் எப்படிப் பங்கிடுவது என்பது இன்னொன்று. நீர் இல்லாத இடத்துக்கு அதை எவ்வாறு கொண்டு செல்வது என்பது மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிகழ்வு போதும்: ஒரத்துப்பாளையம் அணை, பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டம், அத்திக்கடவு-அவிநாசி திட்டம்.

ஒரே கேள்விக்கு இரண்டு நிகழ்வுகளை வைத்துக்கொள்வது பொதுவாக நடக்கும் பிழை. திருப்பூர்ச் சாயக்கழிவையும் பாலாற்றுத் தோல் தொழிற்சாலைக் கழிவையும் சேர்த்துப் படிப்பவர் இரண்டு படித்ததாக எண்ணுவார். ஆனால் இரண்டிலும் சிறு தொழில்கள் ஓர் ஆற்றங்கரையில் குவிந்து, உப்பு மிகுந்த கழிவுநீரை வெளியேற்றிய கதைதான் இருக்கிறது. பாலாற்று வழக்கிலிருந்து ஒரே வரி போதுமானது: மாசுபடுத்துபவரே ஈடு செலுத்த வேண்டும் என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் 1996-இல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. அந்த வரியை ஒரத்துப்பாளையம் குறிப்பின் ஓரத்தில் எழுதிக்கொள்ளலாம்.

ஆழமாகப் படிக்க வேண்டியது: ஒரத்துப்பாளையம்

மூன்றையும் ஒரே அளவுக்குப் படிக்க வேண்டியதில்லை. அதிக வினாக்களுக்குப் பொருந்தும் ஒன்றுக்குப் பாதி நேரத்தைக் கொடுக்கலாம். இங்கே அது ஒரத்துப்பாளையம்.

வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் தோன்றும் நொய்யல், கோயம்புத்தூர், திருப்பூர் வழியாக ஓடிக் கரூர் மாவட்டத்தில் காவிரியுடன் கலக்கிறது. திருப்பூருக்குக் கீழே, சென்னிமலை அருகே ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்காக 1992-இல் அணை கட்டப்பட்டது. அதே காலத்தில் திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி வேகமாக வளர்ந்தது. சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் பெருகின. சில ஆண்டுகளுக்குள் அணையில் தேங்கியது பாசன நீராக இல்லாமல் சாயக்கழிவாக மாறியிருந்தது. அதைத் திறந்துவிட்டாலும் கீழே உள்ள நிலம் கெட்டது. தேக்கி வைத்தாலும் சுற்றியுள்ள கிணறுகள் கெட்டன.

இங்கே காரணத்தைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். கெடுதல் நிறத்தால் வந்தது என்று எழுதும் விடை பாதிதான் சரி. பருத்தி நூலும் அதற்குப் பயன்படும் சாயமும் தண்ணீரில் ஒரே வகை மின்னூட்டம் பெறுவதால் ஒன்றையொன்று விலக்கும். சாயம் நூலில் ஏறுவதற்காகச் சாயத்தொட்டியில் உப்பு சேர்க்கப்படுகிறது. அந்த உப்பு துணியில் ஒட்டுவதில்லை. ஏறத்தாழ முழுவதும் கழிவுநீரோடு போய்விடும். நிறத்தையும் கரிமப் பொருளையும் நுண்ணுயிர் முறையால் நீக்கலாம். கரைந்த உப்பை அப்படி நீக்க முடியாது. அதனால்தான் பட்டறைகள் சுத்திகரிப்பு நிலையம் வைத்த பிறகும், நிறம் குறைந்த நீரில் உப்பு அப்படியே ஆற்றுக்குச் சென்றது. லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் என்ற வரம்பு கரைந்த திடப்பொருளுக்கு இருந்தும் அதைக் கடைப்பிடிக்க இயலாமல் போனதன் காரணம் இதுவே.

நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் சங்கம் தொடுத்த வழக்கில், ஆற்றில் ஒரு துளிக் கழிவும் விடாத 'பூஜ்யக் கழிவுநீர் வெளியேற்றம்' என்ற நிலையை எட்டுமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில் ஆணையிட்டது. சாயப்பட்டறை உரிமையாளர்கள் மேல்முறையீடு செய்தனர். 2009-இல் உச்ச நீதிமன்றமும் அந்நிலையை உறுதிசெய்தது. அப்போதும் நிறைவேறாததால் 2011 ஜனவரி 28 அன்று சாய, சலவைப் பட்டறைகள் அனைத்தையும் மூடுமாறு உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பிறகு மாநில அரசின் வட்டியில்லாக் கடன் உதவியுடன் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் மேம்பட்டன. இப்போது கழிவுநீர் சவ்வு வழியாகப் பிரிக்கப்பட்டு, நல்ல நீரும் உப்புக் கரைசலும் மீண்டும் சாயத்தொட்டிக்கே செல்கின்றன. மிச்சமாகும் கலப்பு உப்பும் சேறும் இன்னும் தீராத சுமை. பழைய உப்பு நிலத்தடியில் தங்கியிருப்பதையும், நொய்யலில் கோவை நகரக் கழிவுநீரும் கலப்பதையும் சேர்த்து எழுதினால்தான் குறிப்பு நேர்மையாக இருக்கும்.

ஒரே நிகழ்வு, இரு விடைகள்

நிகழ்வாய்வு தயாராகிவிட்டதா என்பதை அறிய ஒரு வழி உண்டு. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு வினாக்களுக்கு அதை வைத்து எழுதிப் பார்க்க வேண்டும்.

"சுற்றுச்சூழலைக் காப்பதில் நீதித்துறையின் பங்கை ஆராய்க" என்று கேட்டால், விடையின் ஒரு பத்தி இப்படி அமையலாம்: சாயக்கழிவால் ஒரத்துப்பாளையம் அணை பயனற்றுப் போனபோது நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் நீதிமன்றத்தை நாடினர். பூஜ்ய வெளியேற்றத்தை 2006-இல் வலியுறுத்திய உயர் நீதிமன்றம், 2011-இல் பட்டறைகளை மூடச் சொல்லும் நிலை வந்தது. ஆணைக்கும் செயலாக்கத்துக்கும் இடையே நான்காண்டுகள் கடந்தன. தீர்வு கிடைத்தது தொழில்நுட்பமும் கடனுதவியும் சேர்ந்த பிறகே.

"தொழில்கள் ஓரிடத்தில் குவிவதன் விளைவுகள் யாவை?" என்று கேட்டால் அதே நிகழ்வு வேறு முகத்தைக் காட்டும்: திருப்பூரில் பின்னல், சாயம், தையல் ஆகியவை அருகருகே சிறு நிறுவனங்களாக இயங்குவதால் ஏற்றுமதி வேலை விரைவாக முடிகிறது. அதே நெருக்கத்தால் எல்லாருடைய உப்பும் ஒரே ஆற்றில் சேர்ந்தது. தனியாகச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட இயலாத பட்டறைகள் பொது நிலையங்களில் செலவைப் பகிர முடிந்ததும் அந்த நெருக்கத்தால்தான்.

இரண்டாவது பத்தியில் வழக்கு இல்லை, ஆண்டும் இல்லை. எந்த வினா வந்தாலும் "நொய்யல் வெள்ளியங்கிரியில் தோன்றுகிறது" என்றுதான் தொடங்க முடிகிறது என்றால், அவர் நிகழ்வை மனப்பாடம் செய்திருக்கிறார் என்று பொருள். தேர்வறையில் அறுபது சொற்களும் கதை சொல்வதிலேயே தீர்ந்துவிடும்.

மற்ற இரண்டும்

பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டத்துக்கு ஒரு பக்கக் குறிப்பு போதும். மேற்கு நோக்கி ஓடும் ஆறுகளின் நீரை அணைகளாலும் சுரங்கங்களாலும் இணைத்துக் கிழக்கே பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் திருப்பிய திட்டம் இது. தமிழகமும் கேரளமும் 1970 மே 29 அன்று ஒப்பந்தம் செய்தன. அது 1958 நவம்பரிலிருந்தே நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது. அதன்படி சிற்றூர்ப்புழாவுக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீர் தர வேண்டும். மாநிலங்களுக்கிடையே மட்டுமன்றி, மாநிலத்துக்குள்ளும் இங்கே பங்கீடு நடக்கிறது: ஆயக்கட்டு பின்னாளில் விரிவாக்கப்பட்டதால் நிலங்கள் நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, முறை வைத்துத் தண்ணீர் விடப்படுகிறது. வெள்ளகோவில் போன்ற கடைமடைப் பகுதிகளின் குறை அதிலிருந்தே எழுகிறது. காவிரியைப் போல நடுவர் மன்றம் வரை போகாமல் ஒப்பந்தத்தால் இயங்குவது என்ற ஒப்பீடே இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம்.

அத்திக்கடவு-அவிநாசி திட்டம் 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. பவானி ஆற்றில் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே உபரிநீரை எடுத்து, ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக 1,045 குளம் குட்டைகளுக்கு அனுப்பும் திட்டம் இது. மேட்டிலிருந்து தானாக இறங்கும்படி மேற்பகுதியில் நீரை எடுக்காமல், இவ்வளவு கீழே எடுத்து மேலே ஏற்றுவது ஏன் என்ற கேள்வி மாணவருக்கு எழ வேண்டும். பவானியின் பழைய ஆயக்கட்டுகள் தம் உரிமை நீரை எடுத்துக்கொண்ட பிறகு எஞ்சுவதையே புதிய திட்டம் தொட முடியும் என்பதே விடை. அந்த உரிமைக்கான விலை மின்கட்டணமாக ஆண்டுதோறும் செலுத்தப்படும்.

இதில் ஓர் எண்ணை நினைவில் வைப்பதும் எளிது. வினாடிக்கு 250 கன அடி வீதம் 70 நாட்கள் எடுப்பதாகத் திட்டம். ஒரு நாளுக்கு 86,400 வினாடிகள் என்று பெருக்கினால் ஏறத்தாழ 151 கோடி கன அடி, அதாவது 1.5 டி.எம்.சி. வரும். மறந்தாலும் தேர்வறையில் மீண்டும் கணக்கிட்டுக்கொள்ளலாம். ஆனால் உபரி வராத ஆண்டில் அந்த 70 நாட்கள் கிடைக்காது. திட்டம் புதியது என்பதால், நிலத்தடி நீர் இவ்வளவு உயர்ந்தது என்று முடிந்த விளைவாக எழுதாமல், குளங்களை நிரப்பி நிலத்தடி நீரை உயர்த்தும் நோக்கமுடையது என்று எழுதுவதே பொருத்தம்.