ஜூல் காக்கும் வாசல்

நெட்ஃபிளிக்ஸ் போன்ற ஒரு செயலியைத் திறந்ததும் கணக்கு விவரம் ஒரு சர்வீஸிலிருந்து வருகிறது, பாதியில் நிறுத்திய படம் இன்னொன்றிலிருந்து, பரிந்துரைகள் வேறொன்றிலிருந்து. வந்திருப்பவர் யார் என்று ஒவ்வொரு சர்வீஸும் தனித்தனியே விசாரித்தால், எங்காவது ஒன்றில் அந்தச் சோதனை விடுபட்டுப்போகும். அதனால்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரே வாசலை வைக்கிறார்கள். அதற்குப் பெயர் ஏபிஐ கேட்வே. நெட்ஃபிளிக்ஸ் தன் கேட்வேயை 2013இல் ஓப்பன் சோர்ஸாக வெளியிட்டது. அதற்கு வைத்த பெயர் ஜூல். ‘கோஸ்ட்பஸ்டர்ஸ்’ படத்தில் வாசல் காக்கும் பேய்!

முதல் வேலை அடையாளச் சோதனை. லாகின் செய்தவுடன் செயலிக்கு ஒரு டோக்கன் கிடைக்கும். பெரும்பாலும் அது புள்ளிகளால் பிரிந்த மூன்று துண்டு எழுத்துச்சரம். கடைசித் துண்டு டிஜிட்டல் கையொப்பம். கையொப்பம் சரியா, காலாவதி ஆகிவிட்டதா என்று கேட்வே பார்க்கிறது. தவறென்றால் 401 என்று பதில் சொல்லி அங்கேயே நிறுத்திவிடும்.

அடுத்தது வேகக் கட்டுப்பாடு. பலரும் கையாளும் முறை டோக்கன் வாளி. அமேசானின் கேட்வேயும் இதைத்தான் பயன்படுத்துகிறது. இந்த டோக்கன் லாகினில் கிடைத்ததல்ல, வெறும் கணக்குச் சீட்டு. ஒரு வாடிக்கையாளருக்கு 20 டோக்கன் கொள்ளும் வாளி; நொடிக்கு 10 டோக்கன் அதில் விழும். கோரிக்கை ஒன்றுக்கு ஒரு டோக்கன் செலவு. வாளி நிறைந்திருக்கும்போது ஒரே கணத்தில் 30 கோரிக்கைகள் வந்தால், 20 உள்ளே போகும். மீதி 10க்கு 429 என்ற பதில் திரும்பும். ஒரு நொடி பொறுத்து வந்தால் அந்தப் பத்தும் போய்விடும். ஆனால் செயலி பொறுக்காமல் உடனுக்குடன் மீண்டும் தட்டினால், திரும்பத் திரும்ப 429தான். `Retry-After` என்ற குறிப்பில் எத்தனை நொடி காத்திருக்க வேண்டும் என்று கேட்வே சொல்லலாம். அதைப் படிக்காத செயலிகளுக்குத்தான் பஞ்சமில்லையே.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கேட்வே மூன்று கணினிகளில் ஓடி, ஒவ்வொன்றும் தனி வாளி வைத்திருந்தால், வரம்பு கிட்டத்தட்ட மும்மடங்காகிவிடும். அதனால் கணக்கை ரெடிஸ் போன்ற பொது இடத்தில் வைப்பதுண்டு.

வழிகாட்டுவது எளிய வேலை: `/orders` என்று தொடங்கினால் ஆர்டர் சர்வீஸுக்கு, `/users` என்றால் பயனர் சர்வீஸுக்கு. பின்னால் இருப்பது குறித்த நேரத்தில் பதில் தராவிட்டால் 504 வரும். அப்போது கேட்வேயைக் குறை சொல்வதைவிட, அந்த சர்வீஸின் பதிவுகளை முதலில் பார்ப்பது நல்லது.

கேட்வேக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது. முறையாக லாகின் செய்த ஒருவர் `/orders/1041` என்ற தன் ஆர்டரைப் பார்த்துவிட்டு, எண்ணை 1042 என்று மாற்றுகிறார். டோக்கன் சரி, வேகம் சரி, வழியும் சரி, கேட்வே அனுப்பிவிடும். 1042 யாருடையது என்பது ஆர்டர் சர்வீஸின் தரவுத்தளத்தில்தான் இருக்கிறது. அங்கே சோதிக்காவிட்டால் அடுத்தவர் ஆர்டர் இவர் திரையில் வந்து நிற்கும். ஏபிஐ பாதுகாப்புக் குறைகளை வரிசைப்படுத்தும் ஓவாஸ்ப் அமைப்பின் பட்டியலில், 2019இலும் 2023இலும் முதலிடம் பிடித்தது இந்தக் குறைதான்.