இரண்டு உயில்கள் இருந்தால் எது செல்லும்?

பிந்திய உயில் எழுதப்பட்டதுமே முந்திய உயில் முழுவதும் செல்லாமல் போய்விடும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. முந்தியதை ரத்து செய்வதாகப் பிந்திய உயிலில் எழுதியிருந்தால்தான் அது முழுவதும் ஒழியும். எழுதாவிட்டால், இரண்டும் முரண்படும் இடங்களில் மட்டும் பிந்தியது நிற்கும்.

ஓர் எடுத்துக்காட்டு. பெரியவர் ஒருவர் 2010இல் வீட்டை மூத்த மகனுக்கும், நஞ்சையை இளைய மகனுக்கும், நகைகளை மகளுக்கும் எழுதி உயிலைப் பதிவு செய்கிறார். 2018இல் மற்றோர் உயிலில், வீடு மகளுக்கு என்று மட்டும் எழுதுகிறார். அவர் காலமான பிறகு வீடும் நகைகளும் மகளுக்குப் போகும். நஞ்சை 2010ஆம் ஆண்டு உயிலின்படி இளையவருக்கே. இரண்டு உயில்களையும் சேர்த்தே படிக்க வேண்டும். முந்திய உயிலைக் குறிப்பிட்டு அதில் ஒரு பகுதியை மட்டும் மாற்ற எழுதும் துணை உயிலும் (கோடிசில்) இதே வேலையைத்தான் செய்கிறது. முந்தியது பதிவானது, பிந்தியது பதிவாகாதது என்பதால் பிந்தியதன் பலம் குறையாது. உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை. ஆனால் துணை உயிலானாலும் எழுதியவரின் கையொப்பமும் குறைந்தது இரண்டு சாட்சிகளின் கையொப்பமும் வேண்டும்.

ரத்து செய்யும் வழிகளை 70ஆம் பிரிவு வரையறுக்கிறது. புதிய உயிலோ துணை உயிலோ எழுதலாம்; ரத்து செய்வதாக மட்டும் ஒரு பத்திரம் எழுதலாம். அந்தப் பத்திரத்துக்கும் இரண்டு சாட்சிகள் தேவை. சாட்சியில்லாத கடிதமோ உறவினர் முன் வாயால் சொன்ன வார்த்தையோ போதாது. ரத்து செய்யும் எண்ணத்தோடு உயிலைக் கிழிக்கலாம், எரிக்கலாம். எழுதியவரே செய்ய வேண்டும், அல்லது அவர் சொல்ல, அவர் கண்முன் வேறொருவர் செய்ய வேண்டும். மகன் தனியறையில் கிழித்தால் ரத்தாகாது. பதிவான உயிலைக் கிழித்தாலும் அதன் நகல் சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கும். கிழித்தவர் யார், என்ன எண்ணத்தில் என்பதை நிரூபிக்கும் சுமை குடும்பத்தின் தலையில் விழும். ஆகவே ரத்துப் பத்திரம் எழுதிப் பதிவு செய்வதே பாதுகாப்பு.

ஒரு வரியைப் பேனாவால் அடித்துவிட்டு மேலே வேறு பெயர் எழுதுவதும் பயனற்றது. அந்தத் திருத்தம் செல்ல வேண்டுமானால், அதற்கு எழுதியவரும் சாட்சிகளும் கையொப்பமிட வேண்டும்.

கிறிஸ்தவர், பார்சி போன்றோருக்குத் திருமணமானதும் முன்பு எழுதிய உயில் தானாகவே ரத்தாகும். இந்துக்களுக்கு அந்த விதி இல்லை.

மிகவும் கவனிக்க வேண்டியது 73ஆம் பிரிவு. அந்தப் பெரியவரின் 2018ஆம் ஆண்டு உயில் முந்தியதை முழுவதும் ரத்து செய்ததாகவும், பின்னர் மனம் மாறி அதையும் அவர் கிழித்துப்போட்டதாகவும் வைத்துக்கொள்வோம். 2010ஆம் ஆண்டு உயில் உயிர் பெறாது. சாட்சிகளோடு அதை மீண்டும் நிறைவேற்றினாலோ, மீட்கும் எண்ணத்தைச் சொல்லும் துணை உயில் எழுதினாலோதான் அது செல்லும். இல்லாவிட்டால் அவர் உயிலின்றி இறந்தவராகிறார். சொத்து வாரிசுரிமைப்படி பங்காகும்.