கல்லா நிறைந்தால் கவலை

திருப்பூரில் பனியன் கம்பெனிகள் பலவற்றில் சனிக்கிழமை மாலை வாரச் சம்பளம் போடுகிறார்கள். பீகாருக்கும் ஒடிசாவுக்கும் பணம் அனுப்ப வேண்டியவர்கள் மறுநாள் காலையிலேயே ரீசார்ஜ் கடை வாசலில் நிற்பார்கள். அன்றைக்கு வங்கி கிடையாது. கடைக்காரரின் தலைவலி இங்கேதான் ஆரம்பிக்கிறது.

இந்தத் தொழிலில் முதலீடு இரண்டு இடத்தில் இருக்கும். ஒன்று கல்லாவில் ரொக்கமாக, மற்றொன்று பணம் அனுப்பும் சேவை தரும் கம்பெனியின் வாலட்டில் இருப்பாக. ஊருக்குப் பணம் அனுப்ப வருகிறவர் நோட்டைத் தருகிறார். கல்லா ஏறுகிறது, வாலட் இறங்குகிறது. ரீசார்ஜும் அப்படித்தான். ஆதார் எண்ணைச் சொல்லி, கைரேகை வைத்துப் பணம் எடுக்க வருகிறவரால் இது தலைகீழாகும்.

ஒரு ஞாயிறை எடுத்துக்கொள்வோம். காலையில் வாலட்டில் 60,000, கல்லாவில் 10,000. பத்துப் பேர் ஆளுக்கு 5,000 அனுப்புகிறார்கள். வழக்கமான ஒரு சதவீதக் கட்டணம், ஆளுக்கு 50 ரூபாய். ஜி.எஸ்.டி.யும் கம்பெனியின் பங்கும் போக 25 ரூபாய் கடைக்கு நிற்பதாக வைப்போம். இது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கல்லாவுக்கு வந்தது 50,500. வாலட்டில் குறைந்தது 50,250. ஆறு பேர் ஆதார் மூலம் ஆளுக்கு 3,000 எடுக்கிறார்கள், தலைக்கு 8 ரூபாய் கமிஷன். கல்லாவிலிருந்து 18,000 போய், வாலட்டில் 18,048 சேர்கிறது. இருபது பேர் 300 ரூபாய்க்கு ரீசார்ஜ். இரண்டு சதவீதம் என்றால் 120 ரூபாய் கிடைக்கும்.

இரவில் வாலட்டில் 21,918, கல்லாவில் 48,500. இரண்டும் சேர்ந்து 70,418. எழுபத்து நான்காயிரம் ரூபாய் கைமாறியதில் மிச்சம் 418. அதில்தான் வாடகையும் மின்கட்டணமும். ஒரு கள்ள ஐந்நூறு ரூபாய் நோட்டு விழுந்தால் அன்றைய வருமானம் காலி. நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பவரைக் கஞ்சன் என்று சொல்வது நியாயமில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல், வாலட் இறங்கிவிட்டது. இன்னும் ஐந்து பேர் வந்தால் அனுப்ப முடியாது, கல்லா நிறையப் பணம் இருந்தும். பணம் போடும் இயந்திரம் பக்கத்தில் இருந்தால் பிழைத்தார். இல்லையென்றால் டிஸ்ட்ரிபியூட்டரிடம் கடனுக்கு லோடு கேட்க வேண்டும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் அனுப்ப வருகிறவரைப் போலவே எடுக்க வருகிறவரையும் விரும்பி வரவேற்கிறார்கள். கமிஷன் அற்பம்தான். ஆனால் அவர் வாங்கிப்போகும் ரொக்கம் அப்படியே வாலட் இருப்பாக மாறிவிடுகிறது, வங்கிக்கு நடக்காமலேயே.

பணத்தை உண்மையில் தின்பது ‘பெண்டிங்’. வாலட்டில் கழிந்துவிட்டது, ஊரில் ஏறவில்லை. “பையா, பைசா நஹி ஆயா” என்று வாடிக்கையாளர் கவுன்டரில் கையூன்றி நிற்கிறார். பின்னால் வரிசை. அவரை அனுப்பிவைக்கும் அவசரத்தில் அதே கணக்குக்கு இன்னொரு முறை அனுப்பினால், சற்று நேரத்தில் இரண்டுமே போய்ச் சேர்ந்துவிடலாம். ஊரில் இருப்பவர் எடுத்துச் செலவழித்துவிட்டால் திரும்ப வாங்குவது கடினம். 418 ரூபாய் சம்பாதிக்கும் கடையில் 5,000 போனால் பன்னிரண்டு ஞாயிறு அதற்கே உழைக்க வேண்டும். ரசீதிலுள்ள பரிமாற்ற எண்ணை வைத்து நிலையைப் பார்த்து, ‘வெற்றி’ அல்லது ‘தோல்வி’ என்று முடிவு வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருப்பதுதான் வழி. ஐ.எம்.பி.எஸ். மூலம் அனுப்பிய பணம் சேராவிட்டால் மறுநாளுக்குள் திருப்ப வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2019-இல் விதித்திருக்கிறது. ஆதார் மூலம் எடுக்கும்போது கணக்கில் கழிந்து ரொக்கம் கைக்கு வராவிட்டால், ஐந்து நாள் கெடு.

தோற்றுப்போன பணத்தைத் திரும்பப் பெற, பல கம்பெனிகளில் அனுப்பியவரின் போனுக்கு ஓ.டி.பி. வரும். அவர் அதற்குள் ஊருக்குப் போய் சிம்மை மாற்றியிருந்தால் பணம் தொங்கும். எனவே பதிவு செய்யும்போதே அவர் கையிலுள்ள போனில் அந்த எண் இயங்குகிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. 2024 நவம்பர் முதல் அனுப்புபவரின் எண்ணையும் அடையாள ஆவணத்தையும் பதிவு செய்வதோடு, ஒவ்வொரு முறையும் கூடுதல் சரிபார்ப்பும் கட்டாயமாகியிருக்கிறது. வரிசை நீள்கிறது என்ற முணுமுணுப்பு உண்டு. கடைக்காரருக்கு இது காவல்தான் என்பேன்.

இரவுக் கணக்கில் வாலட்டையும் கல்லாவையும் கூட்டி, காலைத் தொகையும் அன்றைய கமிஷனும் சேர்ந்ததோடு ஒப்பிட வேண்டும். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றும் புரியாது. 500, 100 என்று வட்டமாகக் குறைந்தால் நோட்டு எண்ணியதில் பிசகு. 5,050 போலக் குறைந்தால், பணம் வாங்காமல் அனுப்பிவிட்டோம், அல்லது ஒரே பணத்தை இரண்டு முறை அனுப்பிவிட்டோம். அறிக்கையைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் பார்க்க வேண்டும், வாடிக்கையாளர் முகம் நினைவில் இருக்கும்போதே.