மூன்று நிமிடம் என்றால் மூன்று நிமிடம்

கேள்வித்தாள் ஒன்றுதான். ஆனால் அதை நிரப்பித் தரச் சொல்லிப் போன மின்னஞ்சலில் சிலருக்கு "எட்டிலிருந்து பத்து நிமிடம் ஆகும்" என்றும், வேறு சிலருக்கு "இருபது நிமிடம் ஆகும்" என்றும் எழுதியிருந்தார்கள். இருபதுதான் உண்மைக்கு அருகில். கிராஃபோர்ட், கூப்பர், லாமியாஸ் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் 2001-இல் வெளியிட்ட சோதனை இது. குறைந்த நேரம் சொல்லப்பட்டவர்களில் கூடுதலானோர் லிங்க்கைத் தொட்டு உள்ளே வந்தார்கள். பாதியில் எழுந்து போனவர்களும் அவர்களில்தான் கூடுதல்.

வாடிக்கையாளருக்குச் சர்வே அனுப்புகிற நிறுவனங்கள் பலவும் இதில் முதல் பாதியை மட்டும் நம்புகின்றன. நேரத்தைக் குறைத்துச் சொன்னால் ஆள் வருவார்கள் என்பது சரிதான். வந்தவர் என்ன செய்கிறார் என்று பார்ப்பதில்லை. எட்டாவது கேள்வியில் கடுப்பாகி ஜன்னலை மூடுகிறவரால்கூட அவ்வளவு நஷ்டமில்லை. அவர் போன இடம் கணக்கில் தெரியும். போகாமல் இருந்து, மீதிக் கேள்விகளுக்கெல்லாம் நடுவில் இருக்கும் கட்டத்தையே வரிசையாகத் தட்டிவிட்டு முடிக்கிறவர்தான் ஆபத்து. அவருடைய பதிலும் முழுமையான பதில் என்ற பெயரில் அறிக்கைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். மிர்த்தா காலெசிச்சும் மைக்கேல் போஸ்னியாக்கும் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. கேள்விகளின் வரிசையை ஆளுக்கு ஆள் மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். எந்தக் கேள்வியாக இருந்தாலும், அது பின்னால் வரும்போது கிடைத்த பதில் சுருக்கமாகவும் வேகமாகவும் ஒரே அச்சில் வார்த்தது போலவும் இருந்தது.

ஆகவே நேரத்தைச் சரியாகச் சொல்வது மரியாதைக்காக மட்டுமல்ல. கையில் கிடைக்கும் பதில் உபயோகப்படுமா என்பதும் அதில்தான் இருக்கிறது. அந்த நேரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு கற்பனைக் கடையை வைத்தே பார்க்கலாம்.

கோயம்புத்தூரில் டேபிள்டாப் கிரைண்டர் செய்து விற்கும் சிறிய நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். கடந்த இரண்டு வருடங்களில் வாங்கியவர்களில் 1,400 பேருடைய மின்னஞ்சல் முகவரி வாரண்டிப் பதிவில் இருக்கிறது. அடுத்த மாடலில் மோட்டார் சத்தத்தைக் குறைப்பதா, கழுவ வசதியாகக் கல்லின் எடையைக் குறைப்பதா என்று அவர்கள் முடிவெடுக்க வேண்டும். இரண்டையும் செய்தால் விலை ஏறிவிடும். ஐந்து தேர்வுக் கேள்விகள், கடைசியாக விரும்பினால் எழுதலாம் என்று ஒரு காலிக் கட்டம், ஆக ஆறு கேள்விகள் தயார்.

இங்கே பொதுவாக நடப்பது, கேள்வி எழுதியவரே ஒருமுறை நிரப்பிப் பார்த்து "ஒரு நிமிடம்தான்" என்று போட்டுவிடுவது. அவருக்குக் கேள்விகள் மனப்பாடம், பதிலும் தெரியும். அளக்க வேண்டியது அலுவலகத்துக்கு வெளியே, கேள்விகளை முன்பின் பார்த்திராத, உண்மையிலேயே கிரைண்டர் வைத்திருக்கிற பத்துப் பன்னிரண்டு பேரிடம். அவர்களும் தங்கள் செல்போனிலேயே நிரப்ப வேண்டும். கம்ப்யூட்டரில் ஒரே பார்வையில் தெரியும் ஒரு பட்டியல், போனில் மூன்று முறை தள்ளிப் பார்க்கிற நீளமாகிவிடும்.

நம் கடை பதினொரு பேரிடம் கொடுத்தது. ஒன்றே முக்கால் நிமிடத்துக்கும் குறைவாக முடித்தவர் ஒருவர். மூன்றே முக்கால் நிமிடத்தை நெருங்கியவர் இன்னொருவர். ஒருவருக்கு மட்டும் பத்தொன்பது நிமிடம். நடுவில் கேஸ் சிலிண்டர் வந்துவிட்டது, போனை வைத்துவிட்டு எழுந்து போயிருக்கிறார். பதினொன்றையும் கூட்டிச் சராசரி எடுத்தால் நான்கு நிமிடம் வருகிறது. அது அந்தச் சிலிண்டரின் வேலை. எல்லாரையும் வேகப்படி வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்கிறவரைப் பார்த்தால் இரண்டரை நிமிடம். சர்வேக்கு இந்த நடு ஆள்தான் சரியான அளவுகோல், ஒன்றிரண்டு விசித்திரங்கள் அவரை அசைப்பதில்லை.

ஆனாலும் மின்னஞ்சலில் இரண்டரை என்று எழுதக் கூடாது என்பது என் கட்சி. நடு ஆளின் நேரத்தை எழுதினால் பாதிப் பேருக்கு நாம் சொன்னது பொய்யாகிவிடும். வரிசையில் இன்னும் கொஞ்சம் பின்னால் போய், எட்டாவது ஆளைப் பார்க்கிறோம். அவர் மூன்று நிமிடத்துக்குச் சற்று முன்னால் முடித்திருக்கிறார். "சுமார் 3 நிமிடம்" என்று எழுதினால் நால்வரில் மூவர் அதற்குள் முடித்துவிடுவார்கள். சொன்னதைவிடச் சீக்கிரம் முடிந்தது என்று யாரும் கோபித்துக்கொள்வதில்லை. மூன்று என்பது நிர்வாகத்துக்கு அதிகமாகத் தோன்றினால் வழி ஒன்றுதான்: எண்ணைத் தொடாமல் ஒரு கேள்வியை எடுத்துவிட வேண்டும். வாங்கிய தேதி, மாடல், ஊர் ஆகியவை வாரண்டிப் பதிவிலேயே இருக்கும்போது மறுபடி கேட்பதுதான் அநேக சர்வேக்களின் வீண் சதை.

அடுத்தது காரணம். "உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்பது காரணமே அல்ல. வங்கியும் அதையே சொல்கிறது, பார்சல் கம்பெனியும் அதையே சொல்கிறது. கண் அதன்மேல் நிற்பதில்லை. வாடிக்கையாளர் மனத்தில் எழுகிற கேள்வி, 'நான் சொன்னால் ஏதாவது மாறுமா?' என்பது. மாறப்போகும் ஒன்றைப் பெயர் சொல்லிக் காட்டினால் அதுவே காரணம். நம் கடையின் மின்னஞ்சல் இப்படிப் போகலாம். சப்ஜெக்ட் வரி: "உங்கள் கிரைண்டர் பற்றி 6 கேள்விகள், சுமார் 3 நிமிடம்." உள்ளே:

"வணக்கம். எங்களிடம் டேபிள்டாப் கிரைண்டர் வாங்கியவர் என்பதால் உங்களுக்கு எழுதுகிறோம். அடுத்த மாடலில் சத்தத்தைக் குறைப்பதா, கல்லின் எடையைக் குறைப்பதா என்று இந்த மாதக் கடைசியில் முடிவு செய்கிறோம். விலை ஏறாமல் இரண்டையும் செய்ய எங்களால் முடியவில்லை. தினமும் அரைக்கிறவர் நீங்கள்; எது முதலில் வேண்டும் என்று சொல்லுங்கள். கேள்விகள் ஆறு, பெரும்பாலோருக்கு 3 நிமிடத்துக்குள் முடியும். கடைசிக் கேள்வியில் விரிவாக எழுத விரும்பினால் இன்னும் கொஞ்சம் ஆகலாம். 20-ஆம் தேதி வரை திறந்திருக்கும். என்ன முடிவெடுத்தோம் என்பதை இதே முகவரிக்கு எழுதுகிறோம்."

கீழே லிங்க் ஒன்று, சர்வீஸ் பிரிவுத் தலைவரின் பெயர், பதில் எழுதினால் அவருக்கே போய்ச் சேரும் முகவரி, இனி இத்தகைய மின்னஞ்சல் வேண்டாம் என்று சொல்ல ஒரு வழி. இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. புதிய மாடலின் படமும் பத்து சதவீதத் தள்ளுபடியும் உடன் போனால் அது விளம்பரமாகிவிடும், வாசிக்கிறவரும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்.

இன்னொரு நேர்மையும் இங்கே தேவைப்படுகிறது. யார் பதில் சொன்னார்கள் என்று தெரிந்து மற்றவர்களுக்கு மட்டும் நினைவூட்ட வேண்டுமானால், ஒவ்வொருவருக்கும் தனி லிங்க் போக வேண்டும். தனி லிங்க் என்றால் இது இன்னாருடைய பதில் என்பது நமக்குத் தெரியும். அப்போது "உங்கள் அடையாளம் யாருக்கும் தெரியாது" என்று எழுதுவது பொய். "பதில்களைத் தொகுத்தே பார்ப்போம், உங்கள் பெயரோடு வெளியே காட்ட மாட்டோம்" என்று எழுதலாம். எழுதினால் அப்படியே நடக்கவும் வேண்டும்.

பரிசு கொடுக்கலாமா என்ற கேள்வி எப்போதும் வரும். அஞ்சல்வழி சர்வேக்களைப் பற்றி 1993-இல் ஆலன் சர்ச் தொகுத்துப் பார்த்த ஆய்வுகளில், கேள்வித்தாளோடு முன்கூட்டியே வைத்து அனுப்பிய சிறு தொகை பலன் தந்தது. நிரப்பித் தந்தால் பிறகு தருகிறோம் என்ற வாக்குறுதி அந்த அளவுக்கு உதவவில்லை. மின்னஞ்சலில் முன்பணம் வைத்து அனுப்புவது சிரமம்; முடித்தவர்களுக்குக் கூப்பன் என்று அறிவித்தால் கூப்பனுக்காகவே கண்ணை மூடிக்கொண்டு தட்டுகிறவர்கள் வருவார்கள். மூன்று நிமிட சர்வேக்கு நல்ல காரணமே போதும் என்று நினைக்கிறேன்.

ஆனால் காரணத்துக்கும் ஒரு வில்லங்கம் உண்டு. ராபர்ட் குரோவ்ஸும் அவருடைய சகாக்களும் 2000-இல் முன்வைத்த விளக்கம் இது: ஒரு சர்வேயின் எந்த அம்சத்தைத் தூக்கிக் காட்டுகிறோமோ, அந்த அம்சத்தில் அக்கறை உள்ளவர்களே கூடுதலாக வருவார்கள். "கிரைண்டரில் குறையா? எங்களிடம் சொல்லுங்கள்" என்று அழைத்தால் குறை உள்ளவர்கள் திரண்டு வருவார்கள். நிம்மதியாக மாவு ஆட்டிக்கொண்டிருப்பவர் மின்னஞ்சலைத் தள்ளிவிட்டுப் போய்விடுவார். முடிவில் பாதிப் பேருக்குக் குறை இருப்பதாக அறிக்கை சொல்லும். அது நாம் எழுதிய அழைப்பின் எதிரொலி. மேலே உள்ள மின்னஞ்சல் சத்தத்தையும் எடையையும் ஒரே வாக்கியத்தில், சம எடையோடு சொல்வது அதனால்தான். சப்ஜெக்ட் வரியில் 'சத்தம்' என்ற சொல்லை மட்டும் போட்டிருந்தால், சத்தத்தால் அவதிப்படுகிறவர்களே முடிவைத் தீர்மானித்திருப்பார்கள்.

இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. 1,400 பேரிடமிருந்து 180 பதில்கள் வந்தன என்று வைத்துக்கொள்வோம். சர்வீஸ் ரிஜிஸ்டரில் மொத்த வாடிக்கையாளர்களில் எட்டில் ஒருவர்தான் பழுதுக்காக அழைத்திருக்கிறார். பதில் தந்தவர்களில் மூன்றில் ஒருவர் அப்படி அழைத்தவர் என்றால், நம் அழைப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. பழுதுக்கு அழைத்தவர்கள் பதிலையும் மற்றவர்கள் பதிலையும் தனித்தனியே பிரித்துப் படிக்க வேண்டும். மின்னஞ்சலை எத்தனை பேர் திறந்தார்கள் என்ற எண்ணை இதற்கு நம்ப முடியாது. 2021-இல் ஆப்பிள் தன் மெயில் செயலியில் கொண்டுவந்த பாதுகாப்பு ஏற்பாடு, யாரும் திறக்காத மின்னஞ்சலையும் திறந்ததாகக் காட்டிவிடக்கூடியது. தொடங்கியவர் எத்தனை, முடித்தவர் எத்தனை, எந்தக் கேள்வியில் விட்டுப் போனார்கள், உண்மையில் எவ்வளவு நேரம் ஆனது ஆகியவை நம்பத்தக்கவை. முதல் ஐம்பது பதில்கள் வந்ததுமே நேரத்தைப் பார்ப்பது நல்லது. நடு ஆளுக்கே நான்கு நிமிடம் ஆகியிருந்தால் நினைவூட்டலில் "4 நிமிடம்" என்று திருத்திவிட வேண்டும். அந்த நினைவூட்டலும் நான்கைந்து நாள் கழித்து ஒன்று, பதில் தராதவர்களுக்கு மட்டும்.

அனுப்பும் முன் இன்னொரு ஏற்பாடும் செய்தாக வேண்டும். கடைசிக் காலிக் கட்டத்தில் சிலர் சத்தத்தையும் எடையையும் விட்டுவிட்டு, "பெல்ட் அறுந்து இரண்டு வாரம் ஆகிறது, போன் செய்தால் யாரும் எடுப்பதில்லை" என்று எழுதுவார்கள். தனி லிங்க் இருப்பதால் அவர் யார் என்று தெரியும். சர்வே முடியும்வரை அந்த வரி அங்கேயே கிடக்காமல், தினமும் காலையில் அவற்றைப் படித்து சர்வீஸ் பிரிவுக்கு அனுப்ப ஒருவரை நியமித்த பிறகே 1,400 பேருக்கும் மின்னஞ்சல் போக வேண்டும்.