ஏழு வரியில் முடிந்த ஆறு மணி நேர வேலை

ஆன்லைனில் சேலை விற்கும் ஒரு நடுத்தர ஜவுளிக் கடையை எடுத்துக்கொள்வோம். புதுச் சரக்கு இறங்கும் நாளில் அறுபது சேலைக்குப் படம் எடுக்க வேண்டும். உடல், முந்தி, பார்டர், பிளவுஸ் துணி என்று சேலைக்கு நான்கு படம் வைத்தால் மொத்தம் 240. போனில் எடுத்த படம் ஒவ்வொன்றும் நான்கைந்து எம்பி இருக்கும். அப்படியே இணையதளத்தில் ஏற்றினால் பக்கம் திறப்பதற்குள் வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போய்விடுவார். அதனால் எல்லாவற்றையும் சுருக்க வேண்டும்.

பல கடைகளில் இன்றும் இது கைவேலைதான். பெயின்ட்டில் படத்தைத் திறப்பது, ரீசைஸை அழுத்துவது, பிக்ஸலைத் தேர்ந்தெடுத்து 1600 என்று அடிப்பது, ‘சேவ் ஆஸ்’ கொடுத்து வேறு ஃபோல்டரில் போடுவது. கை பழகியவருக்கே ஒரு படத்துக்கு ஒன்றரை நிமிடம் ஆகும். 240 படம் என்றால் ஆறு மணி நேரம். நடுவில் கை தவறி 1600-க்குப் பதில் 160 என்று அடித்துவிட்டால் முந்தி தபால்தலை அளவுக்குச் சுருங்கிவிடும். ‘சேவ் ஆஸ்’ கொடுக்க மறந்து ‘சேவ்’ கொடுத்துவிட்டால் மூலப் படமே போய்விடும்.

இந்த வேலையைச் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று சில நிமிடங்களில் முடித்துவிடும். அதை எழுதுவதில் பெரிய சிரமம் இல்லை. அலுவலகக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் எழுந்து நின்று, கணினி மொழி தெரியாத சக ஊழியர்களுக்கு அதைப் புரியவைத்து, நம்பிக் கையில் எடுக்க வைப்பதுதான் சிரமம். கேட்பவர்கள் மனதில் வேகத்தைப் பற்றிய கேள்வியே இருக்காது. “ஒரிஜினல் படத்துக்கு ஏதாவது ஆயிடுமா?”, “நிறம் மாறிடுமா?”, “என் வேலை என்ன ஆகும்?” என்பவைதான் அவர்கள் கேள்விகள். ஆகவே பேச்சில் வேகத்துக்கு ஒரு நிமிடம் போதும். மீதி நான்கு நிமிடமும் இந்தக் கேள்விகளுக்குத்தான்.

முதல் நிமிடம்: கணக்கு

இப்படி ஆரம்பிக்கலாம்: “எல்லாருக்கும் வணக்கம். சரக்கு வர்ற அன்னைக்கு அக்கா காலையில உட்கார்ந்தா சாயங்காலம் வரைக்கும் போட்டோ சைஸ் குறைக்கிறதுலயே போயிடுது. 240 போட்டோ, ஒண்ணுக்கு ஒன்றரை நிமிஷம், மொத்தம் ஆறு மணி நேரம். அந்த வேலையை இப்ப உங்க கண் முன்னாடியே பண்ணிக் காட்டுறேன்.”

சைஸ் குறைப்பது என்றால் என்ன என்பதையும் இங்கேயே ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். 12 மெகாபிக்ஸல் போன் படம் ஒன்றில் அகலவாக்கில் 4000 புள்ளி, உயரவாக்கில் 3000 புள்ளி. ஆக ஒரு கோடியே இருபது லட்சம் புள்ளிகள். அதை 1600-க்கு 1200 ஆக்கினால் பத்தொன்பது லட்சத்து இருபதாயிரம். ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. போன் திரையிலோ கணினியிலோ சேலையைப் பார்க்க அது தாராளம்.

இரண்டாம் நிமிடம்: செய்துகாட்டல்

இதற்கு வேண்டிய மென்பொருள் ImageMagick. டுபான்ட் நிறுவனத்தில் பணியாற்றிய ஜான் கிறிஸ்டி உருவாக்கியது. 1990-இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. இன்றும் இலவசம். விண்டோஸ் கணினியில் அதை நிறுவிய பிறகு, கீழே உள்ள வரிகளை நோட்பேடில் அடித்து `resize.bat` என்ற பெயரில் டெஸ்க்டாப்பில் சேமித்தால் ஸ்கிரிப்ட் தயார்.

```
@echo off
cd /d D:\PHOTOS
if not exist WEB mkdir WEB
magick mogrify -path WEB -auto-orient -resize "1600x1600>" -quality 82 *.jpg
dir /b /a-d-h | find /c /v ""
dir /b /a-d-h WEB | find /c /v ""
pause
```

கூட்டத்தில் இதை வரிவரியாக வாசிக்கக் கூடாது. அன்றைய படங்களை `PHOTOS` ஃபோல்டரில் போட்டு, டெஸ்க்டாப்பில் உள்ள ஃபைலை இரண்டு முறை கிளிக் செய்து ஓடவிட்டு, பேச்சைத் தொடர வேண்டும். பேச்சு முடிவதற்குள் `WEB` என்ற உள் ஃபோல்டரில் சுருங்கிய படங்கள் சேர்ந்துகொண்டிருக்கும். விளக்க வேண்டியது நான்காவது வரி ஒன்றுதான். படத்தை நிமிர்த்து, நீளமான பக்கம் 1600-ஐத் தாண்டாமல் சுருக்கு, ஜேபெக் தரத்தை 82-இல் வை, முடிந்ததை `WEB` ஃபோல்டரில் போடு என்று அது சொல்கிறது.

அந்த 82 படத்தின் தரத்துக்கான ஓர் அளவுகோல். அதைக் குறைத்தால் ஃபைல் சின்னதாகும். ஜரிகையின் ஓரங்களில் கசங்கிய மாதிரி சிறு கட்டங்கள் தெரியத் தொடங்கும். இன்னொன்றும் உண்டு. ஒரே அளவு, ஒரே தரம் வைத்தாலும் வெற்றுப் பருத்திச் சேலையின் ஃபைல் சின்னதாகவும், ஜரிகை நிறைந்த பட்டின் ஃபைல் பெரிதாகவும் வரும். நுணுக்கம் கூடினால் சேமிக்க வேண்டிய விவரமும் கூடும். அது ஸ்கிரிப்ட்டின் கோளாறு இல்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

மூன்றாம் நிமிடம்: ஒரிஜினலுக்கு என்ன ஆகும்?

ஆபத்து உள்ள இடம் இதுதான். `mogrify` என்ற கட்டளையின் இயல்பே படத்தை இருந்த இடத்தில் மாற்றி எழுதுவது. `-path WEB` என்ற இரண்டு சொற்கள் விடுபட்டால், 240 மூலப் படங்களும் நொடிகளில் ஒவ்வொன்றாகச் சுருங்கத் தொடங்கும். பெரிய படம் திரும்பக் கிடைக்காது. நாளை பேனர் அடிக்க வேண்டுமென்றால் சேலையை மறுபடி விரித்துப் படம் எடுக்க வேண்டியதுதான். அதற்குள் சேலை விற்றும் போயிருக்கலாம்.

இதை மறைக்காமல் கூட்டத்தில் சொல்ல வேண்டும். “இந்த ரெண்டு வார்த்தைதான் நம்ம பூட்டு. யாரும் இதைத் திருத்த வேண்டாம். அதோட, போன்ல இருக்கிற படத்தை அன்னைக்கே அழிச்சிடாதீங்க. இணையதளத்துல ஏறினதைப் பார்த்த பிறகு அழிக்கலாம்.” இதைக் கேட்டதும் போட்டோ எடுக்கும் தம்பிக்குப் பாதிக் கவலை தீர்ந்துவிடும்.

1600-க்குப் பக்கத்தில் இருக்கும் `>` குறிக்கும் இதே போல ஒரு காவல் வேலை உண்டு. பெரிய படத்தை மட்டும் சுருக்கு, ஏற்கெனவே சின்னதாக இருந்தால் தொடாதே என்பது அதன் பொருள். நெசவாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய சின்னப் படத்தை இழுத்துப் பெரிதாக்கி மங்கலாக்கும் வேலையை அது தடுக்கிறது. அந்த அளவைச் சுற்றியுள்ள மேற்கோள் குறியை எடுத்துவிட்டால், விண்டோஸ் அந்த `>` குறியை ‘ஃபைலில் எழுது’ என்று தப்பாக எடுத்துக்கொள்ளும். கட்டளை பிழை காட்டும்.

நான்காம் நிமிடம்: தப்பு நடந்தால் எப்படித் தெரியும்?

ஸ்கிரிப்ட்டின் தவறுகள் பெரும்பாலும் சத்தமில்லாமல் நடப்பவை. `*.jpg` என்று எழுதியிருப்பதால் அந்த விகுதி உள்ள படங்கள்தான் அதன் கண்ணில் படும். ஐபோனில் எடுத்த படம் `.heic` என்று வரலாம். வாட்ஸ்அப் வெப்பிலிருந்து இறக்கிய படம் `.jpeg` என்று இருக்கும். இரண்டையும் ஸ்கிரிப்ட் தாண்டிப் போய்விடும். பிழை என்று ஒரு சொல்லும் திரையில் வராது.

இதைப் பிடிக்கத்தான் கடைசியில் அந்த இரண்டு `dir` வரிகள். முதல் எண் உள்ளே போன ஃபைல்கள் எத்தனை என்பது. இரண்டாவது எண் வெளியே வந்தவை எத்தனை என்பது. 240, 240 என்று காட்டினால் சரி. 240, 233 என்று காட்டினால் ஏழு படம் விடுபட்டிருக்கிறது என்று பொருள். அப்போது ஃபோல்டரை வகை வாரியாக அடுக்கிப் பார்த்தால் அந்த ஏழும் எவை என்று தெரிந்துவிடும். இந்தச் சரிபார்ப்பு பலிக்க வேண்டுமானால், வேலையைத் தொடங்குமுன் `PHOTOS` ஃபோல்டரில் அன்றைய படங்கள் மட்டும் இருக்க வேண்டும். முந்தைய நாள் படங்களை `WEB` ஃபோல்டரிலிருந்து வேறு இடத்துக்கு மாற்றியிருக்க வேண்டும்.

அடுத்தது நிறம். சேலைக் கடைக்கு இதைவிடப் பெரிய விஷயம் இல்லை. இணையத்தில் கிடைக்கும் பல மாதிரிக் கட்டளைகளில் `-strip` என்ற சொல்லும் சேர்ந்திருக்கும். படத்தோடு ஒட்டிவரும் குறிப்புகளை நீக்கி ஃபைலைச் சின்னதாக்கத்தான் அதைப் போடுகிறார்கள். அந்தக் குறிப்புகளோடு நிறங்களை எப்படிக் காட்ட வேண்டும் என்ற விவரமும் போய்விடுகிறது. 2016-இல் வந்த ஐபோன் 7 முதல் ஐபோன்கள் வழக்கமான sRGB-ஐ விட விரிந்த நிற வரம்பில் படம் எடுக்கின்றன. அந்த விவரம் போனால் பளிச்சென்ற அரக்கும் மாம்பழ மஞ்சளும் திரையில் சோகையாகத் தெரியும். மேலே உள்ள ஸ்கிரிப்ட்டில் `-strip` இல்லாததற்குக் காரணம் அதுதான்.

படம் பக்கவாட்டில் சாய்ந்துவிடுவதற்கும் அதே கட்டளை காரணமாகலாம். போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தாலும் படம் பெரும்பாலும் படுக்கைவாக்கில்தான் பதிவாகும். ‘நிமிர்த்திக் காட்டு’ என்ற குறிப்பு தனியாக இருக்கும். குறிப்பை நீக்கினால் சேலை படுத்துக்கொள்ளும். `-auto-orient` அந்தக் குறிப்பைப் படித்துப் படத்தையே திருப்பி வைத்துவிடுகிறது.

ஐந்தாம் நிமிடம்: யாருக்கு என்ன வேலை?

கடைசி நிமிடத்தை ஆறு மணி நேரம் உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்துப் பேச வேண்டும். “அக்கா, சுருக்குற வேலையை இது பார்த்துக்கும். எந்தப் படம் கலங்கலா இருக்கு, எதுல முந்தி மடிஞ்சிருக்கு, நிறம் துணியோட ஒத்துப்போகுதான்னு உங்களுக்குத்தான் தெரியும். இது நல்ல படம், கெட்ட படம் எல்லாத்தையும் ஒரே மாதிரி சுருக்கித் தள்ளிடும்.” இதை ஆறுதலுக்காகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். தேர்வு செய்வது, ஓரம் வெட்டுவது, நிறம் சரிபார்ப்பது எதையும் அந்த ஏழு வரி செய்யாது. சேலையைக் கையில் வைத்துக்கொண்டு திரையோடு ஒப்பிட்டுப் பார்க்க இத்தனை நாள் நேரம் இல்லாமல் இருந்தது. இனி அதற்கு நேரம் கிடைக்கும்.

உங்கள் அலுவலகத்திலும் முயல நினைத்தால், முதல் நாளே 240 படத்தில் கை வைக்காதீர்கள். பத்துப் படங்களை நகலெடுத்து வேறு ஃபோல்டரில் போட்டு, `cd` வரியில் அந்த ஃபோல்டரின் பெயரைக் கொடுத்து ஓடவிடுங்கள். அந்தப் பத்தில் ஐபோன் படம் ஒன்றும், வாட்ஸ்அப் படம் ஒன்றும், நிமிர்த்திப் பிடித்து எடுத்தது ஒன்றும் இருக்கட்டும். எண்கள் ஒத்துப்போகாவிட்டால் விடுபட்டவற்றை `.jpg` ஃபைலாக மாற்றிக்கொண்டு மறுபடி ஓட்டுங்கள். இரண்டு எண்ணும் ஒத்து, நிறமும் துணியோடு பொருந்திய பிறகு கூட்டத்தில் பேசுங்கள்.