பழைய சட்டையை உடனே நனைக்காதீர்கள்

நடைபாதைக் கடையில் மலிவாகக் கிடைத்த நல்ல சட்டையோ, அக்கா வீட்டிலிருந்து வந்த குழந்தைத் துணியோ, வீட்டுக்கு வந்ததும் நாம் முதலில் செய்வது வாளியில் சோப்புத் தூளைக் கரைத்து ஊற வைப்பதுதான். துவைத்துக் காய்ந்த பிறகும் மடிப்பைப் பிரித்தால் பழைய பெட்டியின் வாடை அப்படியே இருக்கிறது. இன்னும் கொஞ்சம் தூள், மேலே வாசனைத் திரவம் என்று போகிறோம். அதனால் இரண்டு வாடையும் கலந்ததுதான் மிச்சம்.

பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த ஒரு முழுக்கைச் சட்டையை எடுத்துக்கொள்வோம். வெகுகாலம் பெட்டியில் கிடந்த இப்படியொரு சட்டையில் பெரும்பாலும் மூன்று வாடைகள் இருக்கும்: பாச்சை உருண்டையின் நெடி, ஈரம் தங்கியதால் வந்த பூசண வாடை, அக்குளில் ஊறிய வியர்வைச் சிக்கு. மூன்றும் வந்த வழி வேறு, போகும் வழியும் வேறு. அதனால் எதை முதலில் செய்கிறோம் என்பது முக்கியம்.

பாச்சை உருண்டை நாப்தலீனால் ஆனது. அது உருகாமலே ஆவியாகி நூலிழைக்குள் புகுந்துகொள்ளும். தண்ணீரில் அநேகமாகக் கரையாது. நனைத்துப் பயனில்லாமல் போவது இதனால்தான். அது வந்தது போலவே ஆவியாகத்தான் வெளியேற வேண்டும். எனவே சட்டையை உலர்ந்தபடியே, உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பி, பொத்தான்களைக் கழற்றி, மொட்டை மாடிக் கொடியில் போடுங்கள். வெயிலின் சூடு நெடியைக் கிளப்பும், காற்று அடித்துக்கொண்டு போகும். இரண்டு மூன்று நாள் பகலில் போட்டு, பனி இறங்குமுன் எடுத்துவிடலாம். இரவில் பீரோவுக்குள் மட்டும் வைக்காதீர்கள். மற்ற துணிகளுக்கும் ஏறிவிடும். பட்டும் கம்பளியும் நேர்வெயிலில் வெளுத்து நைந்துபோகும். அவற்றுக்குக் காற்றோட்டமான நிழலே சரி, நாள் கூடுதலாகும்.

கைக்குழந்தைத் துணி என்றால் இந்த நெடி துளியும் இருக்கக் கூடாது. ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு நாப்தலீன் பட்டால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து, கடுமையான மஞ்சள் காமாலை வரலாம். குறைபாடு இருப்பது பல வீடுகளில் அதுவரை தெரிந்திருக்காது. நெடி முழுதாகப் போகும்வரை அந்தத் துணியைக் குழந்தைக்குப் போடாதீர்கள், எண்ணெய் தேய்த்த உடம்பில் நிச்சயமாக வேண்டாம்.

நெடி அடங்கிய பிறகு வினிகர். மளிகைக் கடையில் விற்கும் நிறமற்ற வினிகரே போதும்; பழுப்பு நிறத்தது கறை வைக்கலாம். முதலில் உள்தையலில் ஒரு சொட்டு விட்டு, வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். சாயம் ஒட்டவில்லை என்றால், ஐந்து லிட்டர் தண்ணீரில் ஒரு டம்ளர் வினிகர் கலந்து அரை மணி நேரம் ஊற வைக்கலாம். பூசண வாடை இதில் நன்றாகக் குறையும். இன்னொரு நன்மையும் உண்டு. உப்புத் தண்ணீரில் காலகாலமாகத் துவைத்த துணியில் சோப்பு, சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து ஒரு படலமாகப் படிந்து, வாடையைப் பிடித்து வைத்திருக்கும். வினிகரின் அமிலம் அந்தப் படலத்தை விடுவிக்கும். பிறகு நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள். வினிகரையும் சோப்புத் தூளையும் ஒரே வாளியில் போட்டால் ஒன்றின் வேலையை மற்றொன்று கெடுக்கும். பிளீச்சிங் பவுடரோடு வினிகர் சேரவே கூடாது. மூச்சைத் திணறடிக்கும் குளோரின் வாயு கிளம்பும்.

அக்குள் சிக்கு வினிகருக்கு அவ்வளவாக மசியாது. அது தோலின் எண்ணெய். பாலியெஸ்டர் இழை எண்ணெயை விடாமல் பிடித்துக்கொள்ளும். அந்த இடத்தில் மட்டும் பாத்திரம் துலக்கும் திரவத்தில் சில சொட்டு விட்டு விரலால் தேய்த்து, கால் மணி நேரம் விடுங்கள். பிறகு கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் சோப்புத் தூள் போட்டு ஊற வைத்துத் துவையுங்கள். நுரை தெரியாத வரை அலசுங்கள். தங்கும் சோப்பே அடுத்த வாடைக்கு இடம் கொடுக்கும். காய வைப்பதும் வெயிலிலேதான், தையல் மடிப்புகள் நன்றாகக் காயும்வரை.

காய்ந்த துணி மணக்கவில்லை என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். உடம்புச் சூடு பட்டதும் திரும்பி வருவது சிக்கு வாடையின் குணம். அக்குள் பகுதியில் ஈரக் கைக்குட்டையை வைத்து, மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியை ஒரு முறை ஓட்டி, ஆவி கிளம்பும்போதே முகர்ந்து பாருங்கள். வாடை வந்தால் அந்த இடத்துக்கு மட்டும் துலக்கும் திரவமும் சுடுதண்ணீரும் இன்னொரு முறை.

இரண்டாவது முறைக்கும் அசையாத துணிகள் உண்டு. தோளில் பஞ்சு வைத்துத் தைத்த கோட்டின் உள்ளே பூசணம் இறங்கியிருந்தால் வீட்டில் எடுக்க முடியாது. கரும்புள்ளிகள் விழுந்த துணியில் வாடை போனாலும் புள்ளி போகாது. ஆகவே வாங்கும்போதே கழுத்துப் பட்டையின் உள்பக்கத்தையும் அக்குளையும் வெளிச்சத்தில் பிரித்துப் பாருங்கள். பஞ்சு வைத்த இடத்தை விரலால் அழுத்தி முகருங்கள். அங்கே மண் வாடை வந்தால் அந்தத் துணியை விட்டுவிடலாம்.